ஜில்லென்று இருக்கிறதா, அங்கேதான் சிக்கல்

மார்கழி பிறந்துவிட்டால் மருந்துக்கடை கல்லாவுக்குப் பக்கத்தில் லிப் பாம் நிரம்பிய சின்ன டப்பா ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, புதினா, 'மெடிகேட்டட்' என்று வகைவகையாக இருக்கும். அதில் ஒன்றை எடுத்துப் போகிறவர்களில் பலர் மாசியிலும் வந்து வாங்குகிறார்கள், சித்திரை வெயிலிலும் வாங்குகிறார்கள். பனிக்காலத்து வெடிப்புக்காகத் தொடங்கிய பழக்கம் பனி போன பிறகும் விடுவதில்லை. "தடவினால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் முன்னைவிட மோசமாகக் காய்ந்துபோகிறது" என்பது அவர்களில் பாதிப் பேர் சொல்லும் புகார்.

இந்தப் புகாரை ஒட்டி ஊரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. மறுபடி மறுபடி வாங்க வைப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் அடிமைப்படுத்தும் பொருள் எதையோ கலக்கிறார்கள் என்பது ஒன்று. லிப் பாம் போட்டுப் போட்டு உதடு சோம்பேறியாகி, தானாகச் சுரக்க வேண்டிய எண்ணெயைச் சுரக்க மறந்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. ஆனால் புகார் பொய்யில்லை. சில லிப் பாம்கள் உண்மையிலேயே வறட்சியை வளர்க்கின்றன. எந்த வழியில் என்று தெரிந்துவிட்டால், கடையில் எதை எடுப்பது, எதை வைத்துவிட்டு வருவது என்பது சுலபமாகப் பிடிபடும்.

முதலில் அந்தச் 'சோம்பேறி உதடு' கதையைப் பார்ப்போம். உதடு மறப்பதற்கு அதனிடம் ஒன்றுமே இல்லை. கன்னத்துத் தோலில் வியர்வைச் சுரப்பியும் உண்டு, எண்ணெய்ச் சுரப்பியும் உண்டு. இரண்டும் சேர்ந்து தோல் மேல் ஒரு மெல்லிய படலத்தைப் போட்டுவைக்கும். உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பி கிடையாது. எண்ணெய்ச் சுரப்பியும் அநேகமாகக் கிடையாது. சிலருக்கு மட்டும் கடுகளவு மஞ்சள் புள்ளிகளாக அங்கங்கே தெரியும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, தண்ணீர் வெளியே போகாமல் தடுக்கும் மேல்தோல் அடுக்கும் அங்கே மிக மெல்லியது. முகத்தில் பத்துப் பதினைந்து அடுக்குச் செல்கள் இருக்கும் இடத்தில் உதட்டில் நான்கைந்துதான். உதடு சிவப்பாகத் தெரிவதற்கும் அதுவே காரணம், உள்ளே ஓடும் ரத்தம் வெளியே தெரிகிறது. அதனால் கன்னத்திலிருந்து ஆவியாவதைவிடப் பல மடங்கு வேகமாக உதட்டிலிருந்து ஈரம் போய்க்கொண்டே இருக்கிறது. ஊட்டிக் குளிரும் வேண்டாம், டெல்லிக் காற்றும் வேண்டாம். நாள் முழுக்க ஏசி ஓடும் ஓர் அலுவலக அறையே போதும்.

ஆக, உதட்டுக்கு வெளியிலிருந்து ஒரு மூடி தேவைப்படுவது நியாயமான தேவைதான். லிப் பாம் செய்ய வேண்டிய வேலையும் அந்த ஒன்றுதான்: ஈரம் ஓடாமல் மூடி வைப்பது. சிக்கல் ஆரம்பிப்பது, அந்த மூடியோடு சேர்த்து வேறு சில சரக்குகளையும் உள்ளே போடும்போது.

அவற்றில் முதல் குற்றவாளி, வாங்குகிறவர்களுக்கு மிகவும் பிடித்த ஒன்று. தடவிய உடனே ஜில்லென்று, லேசாகச் சுரீரென்று இருக்கிறதே, அந்த உணர்ச்சி. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக அதை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது மென்தாலின் வேலை. கூடவே கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், பெப்பர்மின்ட் எண்ணெய் என்று உறவினர்களும் இருப்பார்கள்.

மென்தால் உதட்டைக் குளிர வைப்பதில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் வெப்பம் குறைந்திருக்காது. நரம்பு நுனிகளில் குளிரை உணர்வதற்கென்று ஒரு புரதக் கதவு இருக்கிறது. உண்மையான குளிர் பட்டாலும் அது திறக்கும், மென்தால் பட்டாலும் திறக்கும். மூளைக்குப் போகும் செய்தி இரண்டுக்கும் ஒன்றே. இந்தக் கதவை 2002இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸும் ஆர்டம் பட்டபூட்டியனும் தனித்தனியாக, மென்தாலை வைத்தே கண்டுபிடித்தார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021இல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உதட்டு ஈரத்துக்கும் இந்தக் கதவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜில்லென்று இருப்பதால் ஒரு சொட்டு ஈரம்கூட மிச்சமாவதில்லை.

அப்படியானால் அதை எதற்குப் போடுகிறார்கள்? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆல்ஃபிரட் வோல்பிங் என்பவருக்கு உதட்டில் அடிக்கடி காய்ச்சல் கொப்புளம் வரும். ஹெர்ப்பிஸ் வைரஸால் வரும் அந்தக் கொப்புளம் எரியும், வலிக்கும். அதற்கு மருந்தாக 1937இல் அவர் தானே காய்ச்சி உருவாக்கியதுதான் 'கார்மெக்ஸ்'. இன்றும் மஞ்சள் மூடிபோட்ட சின்னக் குப்பியில் உலகம் முழுக்க விற்கிறது. கொப்புளத்தின் வலியை மரத்துப்போகச் செய்ய மென்தாலும் கற்பூரமும் அதில் சேர்ந்தன. அந்த நோக்கத்துக்கு அவை பொருத்தமே. சாலிசிலிக் அமிலமும் நெடுங்காலம் அந்தப் பட்டியலில் இருந்தது. கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் இருப்பதும் அதே அமிலம்தான். தடித்த தோலை உரிக்க உதவுவது.

வலிக்காகப் போட்ட சரக்கு, வெறும் வறட்சிக்குத் தடவும் லிப் பாம்களிலும் அப்படியே பரவிவிட்டது. வெடித்த உதட்டின் மேல்தோல் ஏற்கெனவே ஓட்டை விழுந்து கிடக்கும். அந்த ஓட்டைகள் வழியாக மென்தாலும் கற்பூரமும் நேராக உள்ளே இறங்கும். ஆரோக்கியமான உதட்டில் ஒன்றும் செய்யாத அளவே அங்கே எரிச்சலைக் கிளப்பும். எரிச்சல் வந்த இடத்தில் தோல் அவசர அவசரமாகப் புதுச் செல்களை மேலே தள்ளும். அரைகுறையாக முதிர்ந்த அந்தச் செல்கள் ஈரத்தைப் பிடித்து வைக்காது, சருகாக உரியும். உரிகிறதே என்று மறுபடி தடவுகிறோம். மறுபடி ஜில்லென்று ஆறுதல், மறுபடி எரிச்சல். சாலிசிலிக் அமிலமும் சேர்ந்திருந்தால், உரிவதற்கு அது இன்னொரு கை கொடுக்கும். மக்கள் 'அடிமைத்தனம்' என்று சொல்வது இந்தச் சுற்றைத்தான். போதைப்பொருள் எதுவும் தேவையில்லை; சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற கதைதான் இது.

அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம் பொதுமக்களுக்குச் சொல்லும் அறிவுரையும் இதையேதான் சொல்கிறது: தடவியதும் எரிந்தாலோ, சுரீரென்றாலோ, கூசினாலோ அது குணமாவதற்கு அறிகுறி அல்ல, எரிச்சலுக்கு அறிகுறி, உடனே நிறுத்துங்கள். வெடித்த உதட்டுக்கு ஆகாதவை என்று அவர்கள் போடும் பட்டியலில் கற்பூரம், யூகலிப்டஸ், மென்தால், பீனால், சாலிசிலிக் அமிலம், சுவையூட்டிகள், வாசனைப் பொருள்கள் எல்லாம் வருகின்றன. உதட்டைத் 'துடிப்பாகக் காட்டும்' என்று விற்கும் பிளம்ப்பர் வகைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவே தேவையில்லை. அவற்றில் பல மிளகாய்ச் சாற்றையோ பட்டை எண்ணெயையோ வைத்து உதட்டை வேண்டுமென்றே வீங்க வைக்கிறவை.

அடுத்தது ருசி. ஸ்ட்ராபெர்ரி வாசனையும் லேசான தித்திப்பும் இருந்தால் நாக்கு சும்மா இருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும்: தடவிய இரண்டாவது நிமிடம் நக்கிவிடுவார்கள். லிப் பாம் போய்விடும், எச்சில் மிச்சமிருக்கும். எச்சில் வெறும் தண்ணீர் அல்ல. சோற்றில் உள்ள மாவுச்சத்தை உடைப்பதற்கான நொதி முதலானவை அதில் இருக்கின்றன. வாய்க்குள் அதற்கு வேலை உண்டு. மெல்லிய உதட்டுத் தோலின் மேல் அது எரிச்சலைத்தான் தரும். போதாததற்கு, எச்சில் காயும்போது உதட்டு ஈரத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். சில பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றி வட்டமாக ஒரு சிவந்த, சொரசொரப்பான பட்டை வந்திருக்கும். அதன் வெளி ஓரம் கோடு கிழித்தது போல இருக்கும். நாக்கை நீட்டிச் சுழற்றச் சொன்னால், நாக்கு எட்டுகிற எல்லையும் அந்தக் கோடும் சரியாகப் பொருந்தும். அந்தப் பிள்ளைக்கு வாசனையான லிப் பாம் வாங்கிக் கொடுப்பது எரிகிற அடுப்புக்கு விறகு வைப்பது.

நம் வீட்டு வைத்தியங்களில் தேனும் நெய்யும் இதே இடத்தில்தான் இடறுகின்றன. நெய் நல்ல கொழுப்பு, உதட்டை ஓரளவு மூடும். ஆனால் பகலில் தடவினால் யார்தான் நக்காமல் இருப்பார்கள்? ராத்திரி படுக்கும்போது தடவினால் கொஞ்சம் பலன் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு வேறு பிரச்சினை. 24 டிகிரிக்கு மேல் அது உருகிவிடும். நம் ஊரில் அது வருஷத்தின் பெரும்பகுதி திரவம்தான். உதட்டில் நிற்காமல் வழிந்துவிடும், அரை மணிக்கு ஒருமுறை தடவ வேண்டியிருக்கும். தொப்புளில் எண்ணெய் விட்டால் உதடு வெடிக்காது என்பார்கள் பாட்டிகள். தொப்புளிலிருந்து உதட்டுக்கு எண்ணெய் போகும் பாதை எதுவும் உடம்பில் இல்லை. அதே எண்ணெயை நேராக உதட்டிலேயே வைத்துவிடலாம்.

எரிச்சலாவது உடனே தெரிந்துவிடும். ஒவ்வாமை அப்படியல்ல. லிப் பாம் விஷயத்தில் மிகவும் ஏமாற்றுவது இதுதான்.

தோல் ஒவ்வாமை தாமதமாக வரும். ஒவ்வாத பொருள் பட்டு ஒரு நாள், இரண்டு நாள், சில நேரம் மூன்று நாள் கழித்துத்தான் அரிப்பு, சிவப்பு, வீக்கம், உரிதல் எல்லாம் தலைகாட்டும். அதற்குள் அந்த மனிதர் காபி குடித்திருப்பார், மீன் குழம்பு சாப்பிட்டிருப்பார், புதுப் பற்பசை மாற்றியிருப்பார். பழி அவற்றின் மேல் விழும். உண்மையான குற்றவாளியோ சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும். தடவிய மாத்திரத்தில் வழுவழுவென்று ஆறுதல் தருவதால் அதன் மேல் சந்தேகமே வராது. ஆறுதல் இப்போது, தண்டனை நாளை மறுநாள். அதையே தினமும் நாலு வேளை தடவுகிறவருக்கு, எந்தத் தடவலுக்கு எந்த அரிப்பு என்று பிரித்தறிய வழியே இல்லை.

ஒவ்வாமை தருபவை எல்லாம் ரசாயனப் பெயர் கொண்டவை என்றும் நினைத்துவிட வேண்டாம். தேன்மெழுகோடு ஒட்டி வரும் தேனீப் பிசினுக்குச் சிலருக்கு ஆகாது. பட்டை, பெப்பர்மின்ட், எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள் ஆகாதவர்கள் உண்டு. செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனோலின் நல்ல மூடிதான். ஆனாலும் அமெரிக்காவின் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2023க்கான 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று கவனத்துக்கு எடுத்துக்கொண்டது அதைத்தான். லிப்ஸ்டிக்கிலும் லிப் பாமிலும் பளபளப்புக்காகச் சேர்க்கும் விளக்கெண்ணெய்கூட, பெரும்பாலானவர்களுக்கு நல்லதாக இருந்தும், மிகச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. டப்பாவில் பச்சை இலை படம் போட்டு 'நேச்சுரல்', 'ஹெர்பல்' என்று எழுதியிருப்பது இந்த விஷயத்தில் எந்த உத்தரவாதமும் தராது. சொல்லப்போனால், மூலிகை எண்ணெய்கள் அதிகமுள்ள லிப் பாமில் ஒவ்வாமைக்கான வாய்ப்பும் கூடுதல். வெயிலுக்காகச் சேர்க்கும் ஆக்ஸிபென்சோன் போன்ற சில சன்ஸ்க்ரீன் ரசாயனங்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. சிலருக்கு அவை வெயில் பட்ட பிறகுதான் வேலையைக் காட்டும்.

நம்மவர்களின் நிறத்துக்கு இதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. வெள்ளைத் தோலில் சிவந்து தெரியும் ஒவ்வாமை, மாநிறத்திலும் கறுப்பிலும் பல நேரம் உதட்டுக் கருமையாகவே வெளிப்படும். அரிப்பு லேசாக இருக்கும், கருமைதான் கண்ணில் படும். அதை மறைக்க இன்னும் அடர்த்தியான லிப்ஸ்டிக்கோ, 'கருமை போக்கும்' இன்னொரு லிப் பாமோ வாங்குகிறார்கள். கூட்டம் பெருகுகிறது.

தோல் மருத்துவர்களிடம் வரும் பலரின் கதை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதை ஒருவர் மேல் வைத்துப் பார்க்கலாம். திருச்சியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் குளிர், அலுவலகத்தில் ஏசி, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க நேரமில்லாத வேலை. உதடு வெடிக்கிறது. மென்தால் போட்ட மெடிகேட்டட் லிப் பாம் ஒன்று வாங்குகிறாள். முதல் வாரம் ஜில்லென்று சுகமாக இருக்கிறது. இரண்டாவது வாரம் நாலு வேளை தடவியது எட்டு வேளையாகிறது. தோல் உரிகிறது, பல்லால் கடித்து இழுக்கிறாள், ரத்தம் வருகிறது. தோழி சொன்னாள் என்று சர்க்கரையும் தேனும் சேர்த்துத் தேய்க்கிறாள். அடுத்த நாள் எரிகிறது. ஆன்லைனில் பட்டை எண்ணெய் கலந்த 'ஆர்கானிக்' லிப் பாம் வருகிறது. ஜனவரி கடைசியில் உதட்டு ஓரத்தைத் தாண்டி மேலுதட்டுத் தோலிலும் அரிப்பு. இப்போது அவளிடம் வறட்சி ஒரு பங்கு, எரிச்சல் ஒரு பங்கு, ஒருவேளை ஒவ்வாமையும் ஒரு பங்கு. எது எவ்வளவு என்று அவளால் சொல்ல முடியாது. மருத்துவராலும் பார்த்தவுடனே சொல்லிவிட முடியாது.

இந்த முடிச்சை அவிழ்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது. லிப் பாம், லிப்ஸ்டிக், ஸ்க்ரப், தேன், நெய் எல்லாவற்றையும். உதட்டுக்கு ஒன்றே ஒன்று: வாசனையும் நிறமும் இல்லாத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி. நம் வீடுகளில் எல்லாக் கம்பெனியுடையதையும் வாசலின் என்றே சொல்கிறோமே, அதுதான். மருந்துக்கடையில் ஐ.பி. தரம் என்று குறித்த வெள்ளை ஜெல்லியைக் கேட்டு வாங்கலாம். பின்புறப் பட்டியலில் பெட்ரோலேட்டம் தவிர வேறு பெயர் இருக்கக்கூடாது. கற்றாழை, ரோஜா, கோகோ என்று அழகழகாக வரும் ஜெல்லிகள் இந்தக் கணக்கில் சேராது.

ஏன் குறிப்பாக அது? ஈரம் ஆவியாவதைத் தடுப்பதில் அதற்கு நிகரான சாதாரணப் பொருள் கிடையாது. சோதனைகளில் 98 சதவீதம் வரை தடுத்திருக்கிறது. மற்ற எண்ணெய்களும் கொழுப்புகளும் பெரும்பாலும் 20, 30 சதவீதத்தோடு நின்றுவிடுகின்றன. அதைவிட முக்கியம், ஒவ்வாமை கிட்டத்தட்ட வராது. ஒவ்வாமைப் பரிசோதனைக்கு மருத்துவர்கள் பல பொருள்களைக் கலந்து எடுக்கும் அடிப்படைக் களிம்பே இதுதான். பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வருவதாயிற்றே என்று பயப்படுகிறவர்கள் மருந்துத் தரமுள்ளதை வாங்கினால் போதும். அந்தத் தரத்துக்குக் கெடுதலான கழிவுகள் வடிகட்டப்பட்டிருக்கும்.

தடவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஜெல்லியிடம் சொந்தமாகத் தண்ணீர் இல்லை. இருப்பதை மூடும், இல்லாததைக் கொண்டுவராது. அதனால் காய்ந்து கிடக்கும் உதட்டில் தடவுவதைவிட, ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் அல்லது முகம் கழுவியதும், உதடு ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். ஓர் அரிசி அளவு இரண்டு உதட்டுக்கும் போதும். விரலால் ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. சாப்பிட்ட பிறகு ஒன்று, ராத்திரி படுக்கும்போது கொஞ்சம் தாராளமாக ஒன்று. பல் விளக்குவதற்கு முன்னாலும் மெல்லியதாகத் தடவிக்கொள்வது நல்லது. பற்பசை நுரையும் அதன் புதினாவும் வெடிப்பில் ஏறாது. உரிகிற தோலைப் பிய்க்க வேண்டாம். நுனி நீட்டிக்கொண்டு உறுத்தினால் சின்னக் கத்தரியால் அந்த நுனியை மட்டும் வெட்டிவிடலாம்.

முதல் மூன்று நான்கு நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். மென்தாலின் ஜில்லிப்பு இல்லாததால் ஒன்றுமே தடவாதது போலத் தோன்றும். பழைய ஒவ்வாமையின் பாக்கி இன்னும் வந்துகொண்டிருக்கும். பலர் இங்கேதான் பழைய டப்பாவைத் தேடி எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பது அவசியம். அதற்குள் உதடு தேறிவிட்டால், நிறுத்தியவற்றில்தான் குற்றவாளி இருந்தது என்று தெரியும்.

யார் அந்தக் குற்றவாளி என்று கண்டுபிடிக்க உதட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. பழைய லிப் பாம்களில் ஒன்றை எடுத்து, முழங்கை மடிப்பின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், தினமும் இரண்டு வேளை, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தடவிப் பார்க்கலாம். அங்கே அரித்து, சிவந்து, பொரிப்பொரியாக வந்தால் அது உங்களுக்கு ஆகாத பொருள். அரிக்காவிட்டால் அநேகமாக ஒவ்வாமை இல்லை என்று கொள்ளலாம். எரிச்சல் தராது என்று மட்டும் அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கைத்தோல் தடிமனானது, மென்தால் அங்கே எரியாது. ஒவ்வொன்றாக, ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாகப் பார்த்தால் கணக்கு மறுபடி குழம்பும்.

ஜெல்லி பிசுபிசுக்கிறது, வெளியே போகும்போது தூசி ஒட்டுகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. உதடு தேறிய பிறகு குச்சி வடிவ லிப் பாமுக்கு மாறலாம். தேர்ந்தெடுக்கும்போது முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். எது அதிகமோ அது முதலில், எது குறைவோ அது கடைசியில் என்ற வரிசையில் பெயர்கள் இருக்கும். பெட்ரோலேட்டம், மினரல் ஆயில், டைமெத்திகோன், ஷியா வெண்ணெய், செராமைடு போன்றவை முன்னால் இருந்து, பட்டியலும் சின்னதாக இருந்தால் நல்லது. கிளிசரின், ஹயலூரானிக் அமிலம் போன்றவை தண்ணீரை இழுத்து வைக்கும் சரக்கு. மேலே கொழுப்பு மூடி இருந்தால் அவை உதவும். மூடி இல்லாத ஜெல் வகைகளில் அவை மட்டும் இருந்தால், ஏசி அறையின் காய்ந்த காற்றில் இழுப்பதற்கு வெளியே ஈரம் இருக்காது. உதட்டுக்குள் இருப்பதையே மேலே கொண்டுவந்து காற்றுக்குக் கொடுத்துவிடும். கடைசி வரிகளில் 'ஃபிளேவர்', 'பர்ஃப்யூம்' என்ற சொற்கள் இருந்தால், வெடித்த உதட்டுக்கு அது வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் ஒளிந்திருக்கின்றன என்று டப்பா சொல்லாது.

மெழுகு கூடுதலான குச்சிகள் நம் வெயிலில் பைக்குள் உருகாது, அது அவற்றின் வசதி. ஆனால் வெடித்த உதட்டில் கெட்டியான குச்சியை அழுத்தி இழுத்தால் உரியும் தோலும் கூடவே வரும். அப்படிப்பட்ட நாட்களில் விரலால் எடுத்து வைக்கும் டப்பாதான் நல்லது. வயல்வேலை, கட்டட வேலை, மீன்பிடிப்பு, டெலிவரி என்று வெயிலிலேயே இருப்பவர்களுக்கு எஸ்பிஎஃப் 30 உள்ளது தேவை. துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஒவ்வாமைப் பயம் குறைவு. உதடு லேசாக வெளுத்துத் தெரியும்.

லிப் பாமே காரணமில்லாத வறட்சியும் உண்டு. மூக்கடைப்பால் ராத்திரி முழுக்க வாயால் மூச்சுவிடுகிறவருக்கு, மூக்கைச் சரிசெய்யாமல் உதட்டுக்கு எதைப் பூசினாலும் காலையில் காய்ந்துதான் இருக்கும். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் அநேகமாக எல்லோருக்கும் உதடு வறளும். அது மாத்திரையின் குணம், ஜெல்லியைத் தாராளமாகத் தடவிக்கொண்டு சமாளிக்க வேண்டும். மாம்பழத்தைத் தோலோடு கடித்து உறிஞ்சிய இரண்டாம் நாள் வாயைச் சுற்றி அரித்தால், அது மாம்பால் செய்த வேலை. வாயின் இரு ஓரங்கள் மட்டும் வெடித்துப் புண்ணாகியிருந்தால் அது வேறு விவகாரம். பி வைட்டமின் குறைவு, பூஞ்சை, பொருந்தாத பல் செட் என்று அதற்குக் காரணங்கள் தனி, லிப் பாமால் தீராது.

இரண்டு மூன்று வாரம் வெறும் ஜெல்லியோடு இருந்தும் தேறாத உதட்டைத் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் வெயிலில் உழைத்தவர்களுக்கும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும், கீழுதட்டில் ஒரே இடம் திரும்பத் திரும்ப உரிந்தாலோ, வெள்ளைத் திட்டு, ஆறாத புண், தடிப்பு இருந்தாலோ மூன்று வாரம்கூடக் காத்திருக்கக்கூடாது. வெயிலால் சிதைந்த உதட்டுத் தோல் புற்றாக மாறலாம். ஆரம்பத்தில் அது வெடிப்பு மாதிரியேதான் இருக்கும்.

ஒவ்வாமை என்று மருத்துவர் சந்தேகித்தால் 'பேட்ச் டெஸ்ட்' செய்வார். சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்ன வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, அதற்குப் பிறகு ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். தாமதமாக வரும் ஒவ்வாமை அப்போதுதான் பிடிபடும். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கும் வேலையும் கூடாது. நம் ஊர்க் கோடையில் இது லேசான காரியமில்லை என்பதால் பனிக்காலத்திலேயே போய்விடுவது உத்தமம். போகும்போது வீட்டில் உள்ள எல்லா லிப் பாமையும், லிப்ஸ்டிக்கையும், பற்பசையையும் அட்டைப்பெட்டியோடு எடுத்துப் போக வேண்டும். பொருள்களின் பட்டியல் பெரும்பாலும் அந்த அட்டையில்தான் அச்சாகியிருக்கும், குச்சியில் இருக்காது.